படத்தில் தெரியாத கிலோமீட்டர்

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில், தொண்ணூறுகளின் நடுவில், டீசல் பில்லுக்குப் போட்டோ எடுத்தார்கள். இதைச் சொன்னால் இன்றைக்குப் பிள்ளைகள், “அதில் என்ன, நாங்களும் தினம் எடுக்கிறோமே” என்கிறார்கள். அவர்களிடம் இருப்பது செல்போன். எங்களிடம் இருந்தது ஃபிலிம் ரோல். முப்பத்தாறு படம் முடிந்தால்தான் கழுவக் கொடுக்க முடியும். நான்கு வண்டி, வாரத்துக்கு எட்டு ஒன்பது தடவை டீசல். ஒரு ரோல் முடிய மாதம் ஆகிவிடும். போன மாதம் வண்டி எங்கே நின்றது என்பதை இந்த மாதம் கண்டுபிடிக்கும் அறிவியல் அது.

யோசனை எங்கள் மேனேஜருடையது. கோயம்புத்தூர் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. டிரைவர்கள் பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதித் தரும் கிலோமீட்டரை நம்ப முடியவில்லை, தக்க சான்று வேண்டும் என்று. வேறு யாராக இருந்தாலும் மீட்டரைப் போய்ப் பார்த்து எழுத ஒரு ஆளைப் போட்டிருப்பார்கள். இவருடைய மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமரா ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. படத்தின் மூலையில் தேதியும் ஆரஞ்சு நிறத்தில் விழும். அது போதாதா! டீசல் போட்டதும் பில்லை மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுக்க வேண்டும், பில்லும் மீட்டரும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று ஆர்டர் போட்டார்.

“மனுஷன் பொய் சொல்வான்மா. போட்டோ சொல்லாது, ஆயித்தா?” என்றார் என்னிடம்.

ஆயிற்று என்று தலையாட்டினேன். அப்போது நான் அங்கே டைப்பிஸ்ட், டெஸ்பாட்ச், டெலிபோன், வண்டி லாக்புக் எல்லாம். தமிழ் தெரிந்தவள் என்பதால் கோயம்புத்தூர்க்காரர்கள் வந்தால் காபி வாங்கிவரச் சொல்வதும் என் தலையில்தான்.

முதல் ரோல் முழுக்கப் புகைமூட்டம். பில்லும் மீட்டரும் பெரிதாகத் தெரியட்டும் என்று டிரைவர்கள் கேமராவை மூக்குக்கு முன்னால் வைத்து எடுத்திருந்தார்கள். மண்டி மொஹல்லாவில் நாங்கள் கழுவக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரர், அந்தக் கேமராவுக்குக் கிட்டத்தில் கண் தெரியாது, மூன்றரை அடி தள்ளி நின்று எடுக்க வேண்டும் என்றார். தள்ளி நின்று எடுத்தால் படம் தெளிவாக வந்தது, எண்கள் எறும்பாகிவிட்டன. மேனேஜர் எனக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று என் அம்மா வீட்டில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதுதான் வெட்கக்கேடு.

மாதம் ஒருமுறை முப்பத்தாறு படங்களையும் தேதிவாரியாக மேஜையில் பரப்புவேன். ஒரு படம் எடுத்து, பில்லில் லிட்டர் எவ்வளவு, லிட்டருக்கு ரேட் எவ்வளவு என்று பார்ப்பேன். பிறகு மீட்டரில் எத்தனை கிலோமீட்டர். மூன்றையும் லாக்புக்கில் அந்தந்த வண்டியின் பக்கத்தில் எழுதுவேன். இந்த மீட்டரிலிருந்து போன மீட்டரைக் கழித்தால் ஓடிய தூரம். அதை லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒவ்வொரு முறையும் டாங்கை நிறைய நிரப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி, அதனால் அந்தக் கணக்கு சரியாகத்தான் வரும். ஒரிஜினல் பில்கள் வாரா வாரம் கோயம்புத்தூருக்குப் போய்விடும். எனக்குப் படம் ஒன்றுதான் கதி.

படமோ, கேட்கவே வேண்டாம். காற்றில் பில் பறக்கும். கட்டைவிரல் ரேட்டை மறைக்கும். ஃப்ளாஷ் வெளிச்சம் மீட்டர் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, நடுவில் இரண்டு எண்ணை விழுங்கிவிடும். கடைசிச் சக்கரம் பாதி சுழன்று மூன்றா நான்கா என்று நிற்கும். ஒரு படத்தில் பெட்ரோல் பங்க் நாய்கூட வந்திருந்தது, மீட்டரைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக விழுந்திருந்தது.

முதல் மாதம் தெரியாத எண்ணுக்குக் கோடு போட்டேன். மேனேஜர், “என்னம்மா இது, பல் விழுந்த வாய் மாதிரி” என்று புத்தகத்தைத் தூக்கிப் போட்டார். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. அடுத்த மாதத்திலிருந்து என் புத்தகத்தில் ஒரு கோடும் கிடையாது. எப்படி என்றால், நான்கு வண்டியில் ஒன்றான வேன் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கும் என்பது ஊருக்கே தெரியும். மீட்டரில் நடு எண் தெரியவில்லையா? லிட்டரைப் பத்தால் பெருக்கு, போன மீட்டரோடு கூட்டு. அந்தக் கூட்டுத்தொகைக்கு ஒத்துவருகிற எண்தான் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். பெருமை வேறு பட்டுக்கொண்டேன்!

அந்த வேனை ஓட்டியவர் ஹனூர்ப் பக்கத்து ஆள். ஒன்பது வருஷமாகக் கம்பெனியில் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல், ஒல்லி, சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். மூத்த பெண்ணைப் பாலிடெக்னிக்கில் சேர்த்திருந்தார். கம்பெனிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸில்தான் குடும்பம். வேலை போனால் வீடும் போகும்.

மாதக் கடைசியில் அவரவர் வண்டிப் பக்கத்தில் டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற மூன்று பேரும் புத்தகத்தைப் புரட்டி, இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று வக்கீல் மாதிரி கேட்பார்கள். இவர் மட்டும் பேனாவைக் கேட்பார், போடுவார், போவார்.

அந்த வருஷம் மேனேஜர் வீட்டம்மாவுக்கு ஒரு வேண்டுதல். மாதேஸ்வரன் மலைக்கு மூன்று அமாவாசை வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அமாவாசையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போய்வந்தார்கள். இது எல்லோருக்கும் தெரியும், திங்கட்கிழமை எங்களுக்கெல்லாம் பிரசாதம் வரும். எந்த வண்டியில் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. லட்டைத் தின்றுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அதில் முதல் மாதத்துப் படங்களைப் பரப்பியபோது ஒரு சங்கடம். சனிக்கிழமைப் படத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் படத்திலும் வேனின் மீட்டர் ஒன்றே. ஐந்து எண்ணும் ஒன்றே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பில்லில் இருபத்திரண்டு லிட்டர் டீசல்! சனிக்கிழமை டாங்க் நிறைந்த வண்டி நகராமல் நின்று இருபத்திரண்டு லிட்டர் குடிக்குமா? குடிக்காது. ஆகவே படம்தான் தப்பு, வெளிச்சம் பட்டு ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டினேன். இருநூற்றிருபது கூட்டி எழுதினேன். அடுத்த படத்தில் மீட்டர் என் புத்தகத்தைவிடக் குறைவாக இருந்தது. அதையும் “திருத்தினேன்”. மீட்டர் பின்னால் போகாது, புத்தகம் முன்னால் போய்விட்டது, பாவம் அந்த மீட்டர் எட்டிப்பிடிக்க முடியாமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பில்லில் ரேட்டும் இருபது பைசா சொச்சம் அதிகம் இருந்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டேன். பில்லின் தலைப்பில் எந்த ஊர் பங்க் என்று கன்னடத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. படிக்கவில்லை. என் புத்தகத்தில் லிட்டருக்குக் கட்டம் உண்டு, ரேட்டுக்கு உண்டு, மீட்டருக்கு உண்டு, ஊருக்குக் கிடையாது.

இப்படி மூன்று மாதம்.

மார்ச்சில் கோயம்புத்தூரிலிருந்து ஆடிட் பார்க்க ஒருவர் வந்தார். கட்டம்போட்ட சட்டை, வெற்றிலை போட்ட வாய், அலட்டிக்கொள்ளாத மனிதர். என் லாக்புக்கை எடுத்து வேன் பக்கத்தைப் படித்தார். பத்து, பத்து புள்ளி ஒன்று, ஒன்பது புள்ளி ஒன்பது, பத்து. இன்னொரு முறை படித்தார்.

“யாரும்மா எழுதுனது?”

“நான்தான் சார்.” பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“கட்டுன பொண்டாட்டிகூட இவ்வளவு ஒழுங்கா நடக்க மாட்டா. ஒரு வேன் நடக்குதே!” என்றார். எழுந்தார். மாடிப்படி இறங்கினார். முற்றத்தில் வேன் நின்றது. கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மேலே வந்தார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம். பதினொரு மாதமாக நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியதை அந்த மனிதர் படியிறங்கிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

என் புத்தகத்தில் போன மாதக் கடைசிக்கு எழுதியிருந்ததைவிட, அன்று வண்டியில் இருந்த மீட்டர் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் குறைவு.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. மீட்டர் குறைந்திருக்கிறது என்றால் யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். யார்? வண்டி யார் கையில்? புத்தகத்தில் ரேட் பார்த்தால் மூன்று பில்லில் மைசூர் ரேட்டுக்கு ஒத்துவரவில்லை. அப்படியானால் பில்லும் போலி. மேனேஜர் அறையில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். லாக்புக்கோடு நானும் ஓரமாக நின்றேன். டிரைவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

மேனேஜர் பேசினார் பாருங்கள், எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. “ஒன்பது வருஷம் நம்பினேன்பா உன்னை. வீட்டு ஆளு மாதிரி வெச்சிருந்தேன். இப்படிப் பண்ணிட்டியே! இன்னிக்கே கணக்கு முடிச்சிடறேன். வீட்டை இந்த வாரம் காலி பண்ணு. போலீஸுக்குப் போகாம இருந்தா அது என் நல்ல மனசு.”

டிரைவர் மேனேஜரை ஒருமுறை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

ஆடிட்டர் என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கி அவர் முன்னால் வைத்தார். “இது உன் கையெழுத்துதானப்பா?”

“ஆமாங்க.”

“இந்தப் பக்கம்? இது? மாசா மாசம் இவ்வளவு ஓடுச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்க. வண்டில அவ்வளவு இல்லியே. அப்ப புத்தகம் தப்பா?”

அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. “அம்மணி எழுதுனதுங்க. அது தப்பா இருக்காதுங்க” என்றார்.

இடி விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. வீடு போகப்போகிறது, பெண் படிப்பு நிற்கப்போகிறது, அந்த நேரத்திலும் இந்த மனிதர் என் புத்தகத்துக்குச் சாட்சி சொல்கிறார். புத்தகம் சரி என்றால் அவர் திருடன். அதுகூடத் தெரியாமலா சொன்னார்? தெரிந்துதான் சொன்னார்.

“தப்புதான் சார்” என்றேன். “புத்தகம் தப்பு. நான்தான் எழுதினேன், நானேதான் தப்பா எழுதினேன்.”

மேனேஜர், “நீ சும்மா இரும்மா” என்றார். அதுவரை பயந்து நின்றவளுக்கு அந்த ஒரு வார்த்தையில் கோபம் வந்துவிட்டது. சும்மா இருந்ததுதானே இவ்வளவு தூரம் வந்தது! என் அறைக்கு ஓடி, படக் கவர்களையும் பூதக்கண்ணாடியையும் கொண்டுவந்து ஆடிட்டர் முன்னால் கொட்டினேன். தெரியாத எண்ணைப் பெருக்கிக் கூட்டி எழுதியது, படத்தை நம்பாமல் புத்தகத்தை நம்பியது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். ரேட் ஒத்துவராத மூன்று படங்களைத் தேடி எடுத்தேன். கண்ணாடியை மீட்டர் மேல் வைக்கப் போன கை தலைப்பில் நின்றது. முதல் தடவையாகப் படித்தேன். கொள்ளேகால். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர்.

“சார், இது மைசூர் ரேட் இல்லை. கொள்ளேகால் பங்க். அங்கே டீசல் கொஞ்சம் ஜாஸ்தி. பில்லு போலி இல்லை சார். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை, தேதியும் விழுந்திருக்கு பாருங்க. சனிக்கிழமை ஹெப்பாளில் இருந்த மீட்டர் ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகாலிலும் அதேதான் இருக்கு.”

ஆடிட்டர் கண்ணாடியை வாங்கிக்கொண்டார். சனிக்கிழமைப் படம், ஞாயிற்றுக்கிழமைப் படம் என்று மாறி மாறி வைத்தார். “ஹெப்பாளிலிருந்து கொள்ளேகாலுக்கு மீட்டர் ஓடாம போயிருக்கு வண்டி. தள்ளிக்கிட்டுப் போனீங்களா?” என்றார் டிரைவரிடம். பிறகு அவராகவே, “கேபிளக் கழட்டுனா மீட்டர் நின்னுரும். கையாலயே திருகிக் கழட்டிரலாம். யார்ப்பா கழட்டச் சொன்னது?”

மேனேஜர் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. இனி டிரைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவர் முகத்தையே பார்த்தேன். சொல்லுங்கண்ணா, சொல்லுங்கள்.

“யாரும் கழட்டச் சொல்லலைங்க. கேபிள் அறுந்து போச்சுங்க” என்றார்.

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையுங்க.”

“கொள்ளேகால் ரோட்டுல மட்டுமா?”

“அந்த ரோடு அப்படிங்க.”

ஆடிட்டர் வெற்றிலைச் சாற்றை விழுங்கினார். சிரிப்பை விழுங்கினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேனேஜரை வெகுநேரம் பார்த்தார். “நல்ல ரோடு சார். சாமி ரோடு” என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபைலை மூடினார்.

அறிக்கை வந்தது. வேனில் கேபிள் கோளாறு, மாற்றப்பட்டது. டிரைவர்மீது குற்றம் இல்லை. படத்தில் இல்லாத எண்களை உத்தேசமாக எழுதிய குமாஸ்தாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். ஆக, குற்றம் செய்தவள் என்று காகிதத்தில் ஏறியது என் ஒருத்தி பெயர்தான். ஆபீஸில் டைப் தெரிந்ததும் நான் ஒருத்திதான். அந்தக் கடிதத்தை மூன்று காப்பி நானே அடித்தேன். கார்பன் பேப்பர்கூடப் புதிதாக வைத்தேன், நன்றாக விழட்டும் என்று. மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டு, “இனிமே ஜாக்கிரதையா இரும்மா” என்று எனக்குப் புத்தி சொன்னார்!

எனக்கு மேனேஜர்மேல்கூட அவ்வளவு கோபமில்லை. அவர் அப்படித்தான் என்று தெரியும். டிரைவர்மேல்தான் ஆத்திரம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் படியில் மறித்துக் கேட்டேவிட்டேன்.

“ஏண்ணா சொல்லலை? நான் சொன்னேனே. என் தலையைக் கொடுத்துச் சொன்னேனே.”

“நீங்க சொன்னீங்க அம்மணி, உங்களுக்குக் காகிதம் வந்துச்சு. நாஞ் சொல்லியிருந்தா எனக்குக் காகிதம் வராதுங்க, வீட்டுக்குப் பூட்டு வரும். அந்த ஐயா கோயமுத்தூர் போயிருவாரு. நாளைக்கு இங்க வண்டி எடுக்கச் சொல்றது யாரு?”

அப்போதும் நான் வழி விடவில்லை.

“அப்படின்னா அன்னைக்கு ஏன் புத்தகம் தப்பில்லைன்னு சொன்னீங்க?”

“அது தப்புன்னு எனக்குத் தெரியாதுங்களே” என்றார். “மேனேஜரு கேபிளக் கழட்டச் சொன்னாரு, கழட்டுனேன். அது தெரியும். நீங்க இல்லாத எண்ண எழுதுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? மத்தவங்கல்லாம் புஸ்தகத்தப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுவாங்க. நா உங்களப் பாத்துப் போட்டேன்.” இதைச் சொல்லும்போதும் அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

மெய்யாகவே நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். முதல் மாதமே படத்தில் இருந்ததை இருந்தபடி எழுதியிருந்தால், ஓடிய தூரம் சைபர், டீசல் இருபத்திரண்டு லிட்டர் என்று புத்தகமே கூவியிருக்கும். இரண்டாவது அமாவாசைக்கு மேனேஜர் பஸ் பிடித்துப் போயிருப்பார். அவர் திருட்டுக்கு மூடி போட்டது நான்தான், அதுவும் யாரும் கேட்காமல், அழகாக, நீல மையில்.

அந்த மாதக் கடைசியில் படங்கள் வந்தன. ஒன்றில் ஃப்ளாஷ் அடித்து மீட்டர் முழுக்க வெள்ளை. கடிதம் வாங்கியவள் ஆயிற்றே, கட்டத்தைக் காலியாக விட்டேன். டிரைவர் கையெழுத்துப் போட வந்தார். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் ஆபீஸில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“ஒவ்வொண்ணா வாசிங்க அம்மணி” என்றார்.

வாசித்தேன். தேதி, லிட்டர், ரேட், மீட்டர். ஒவ்வொரு வரிக்கும் படத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடி வைத்துப் பார்த்து, தலையாட்டிய பிறகுதான் அடுத்தது. காலிக் கட்டம் வந்ததும் நிறுத்தினேன்.

“இதென்னங்க?”

“தெரியலைண்ணா. படத்தில் விழலை.”

“அப்ப தெரியலைன்னே எழுதிருங்க. சும்மா விட்டா பின்னால யாராவது நல்ல மனசுல நெரப்பிருவாங்க.”

எழுதினேன். அவர் அதையும் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.